படுக்கும் முன் நாய் ஏன் சுற்றுகிறது?

படுப்பதற்கு முன் ஒரே இடத்தில் இரண்டு மூன்று முறை சுற்றுவது நாய்களிடம் பரவலாகக் காணப்படும் பழக்கம். தெருவில் திரியும் நாட்டு நாயும் சுற்றும், மெத்தையில் உறங்கும் பொமரேனியனும் சுற்றும். தலையைத் தாழ்த்தி, மூக்கைத் தரைக்கு அருகே கொண்டுபோய், முன்கால்களைச் சிறு சிறு அடிகளாக எடுத்து வைத்து வட்டமிடத் தொடங்கும். பின்கால்கள் அதை ஒட்டியே வரும். சுற்றச் சுற்ற வட்டம் குறுகும், முதுகு வளையும். கடைசிச் சுற்று முடியும்போது உடல் பாதி சுருண்ட நிலைக்கு வந்துவிட்டிருக்கும். அப்படியே கால்களை மடக்கிப் படுத்துவிடும். சில நாய்கள் இடையில் நின்று முன்பாதத்தால் தரையைப் பிறாண்டும். மண் தரையானால் அங்கே ஒரு பள்ளம் விழும். சிமென்ட் தரையானால் நகம் உரசும் சத்தம்தான் மிச்சம்.

இப்படிச் சுற்றும்படி குட்டிகளை யாரும் பழக்குவதில்லை. வழவழப்பான தரையிலோ விரிப்பிலோ சுற்றுவதால் படுக்கை மாறிவிடுவதும் இல்லை. பயனில்லாத இடத்திலும் தானாக வெளிப்படும் ஒரு செயல், எப்போதோ எங்கோ பயன்பட்டிருக்க வேண்டும் என்ற எண்ணம் இயல்பாகவே எழும். சார்லஸ் டார்வின் 1872இல் மனிதரும் விலங்குகளும் உணர்ச்சிகளை வெளிப்படுத்தும் விதம் பற்றி எழுதிய நூலில் இதைத்தான் சொன்னார். புல்வெளிகளிலும் காடுகளிலும் வாழ்ந்த நாயின் மூதாதைகள் புல்லை மிதித்துப் படியவைத்து, மண்ணைச் சற்றுக் குழித்துப் படுத்திருக்க வேண்டும். விரிப்பின்மேல் நாய் செய்வது அந்தப் பழைய வேலையின் மிச்சம் என்பது அவர் கருத்து.

அவர் ஊகத்தோடு நின்றுவிடவில்லை, உறவு விலங்குகளையும் ஒப்பிட்டார். விலங்குக்காட்சிச் சாலையில் இருந்த குள்ளநரிகளும் பாலைவனத்து ஃபென்னெக் நரிகளும் தங்களுக்குப் போட்ட வைக்கோலை இதே முறையில் கையாண்டன. ஆனால் நாய்க்கு மிக நெருங்கிய உறவான ஓநாய் அப்படிச் செய்ததைக் காவலர்கள் சில மாதம் கவனித்தும் பார்க்கவில்லை. தம் கருத்துக்கு இடைஞ்சலான இந்தச் செய்தியையும் டார்வின் மறைக்காமல் எழுதி வைத்திருப்பது பாராட்டத்தக்கது. கூண்டில் சில மாதம் கண்ணில் படாததைக் கொண்டு காட்டிலும் அது இல்லை என்று முடிவு கட்ட முடியாது. குளிர்நாடுகளில் ஓநாய்கள் பனியில் வட்டமான குழியில் சுருண்டு, மூக்கை வாலால் மூடிக்கொண்டு உறங்குவது நன்கு அறியப்பட்டது.

டார்வினின் விளக்கத்தில் இன்று ஏற்கப்படாத பகுதியும் ஒன்று உண்டு. திரும்பத் திரும்பச் செய்த பழக்கம் அப்படியே சந்ததிக்கு இறங்கும் என்று அவர் நம்பினார். இன்றைய உயிரியல் அதை ஏற்பதில்லை. படுக்கும் இடத்தைச் சீர்செய்யும் இயல்பு கொண்ட விலங்குகள் நன்றாக உறங்கின, அதிகம் பிழைத்தன, அதிகக் குட்டி ஈன்றன. அந்த இயல்புக்கு அடிப்படையான மரபணுக்கள் பெருகின என்று அது சொல்லும். மனிதரோடு பதினைந்தாயிரம் ஆண்டுகளாவது வாழ்ந்த பிறகும் இந்த இயல்பு மறையாததற்கும் இதிலேயே விடை இருக்கிறது. வீட்டுத் தரையில் சில நொடி சுற்றுவதால் எந்த நாய்க்கும் இழப்பில்லை. இழப்பில்லாத ஒன்றை அகற்ற இயற்கைத் தேர்வுக்கு வழியில்லை.

புல்லில் படுக்கப்போகும் விலங்குக்குச் சுற்றுவதால் என்ன கிடைக்கும்? நிமிர்ந்த தாள்கள் மடங்கிப் படியும். கல், முள், குச்சி ஆகியவை உடல் படும் முன்பே பாதத்தில் தட்டுப்படும். மிதிபட்ட இடம் சற்றுத் தாழ்ந்து, சுருண்ட உடலுக்கு ஏற்ற கிண்ணமாகிவிடும். சுருண்டு படுக்கும்போது காற்று படும் பரப்பு குறைவதால் குளிரில் உடல் வெப்பம் காக்கப்படும். வெயில் காலத்தில் இதே செயல் எதிர்த்திசையில் உதவும்: மேல்மண்ணைப் பறித்துத் தள்ளினால் அடியில் இருக்கும் குளிர்ந்த, ஈரமான மண்ணில் வயிறு படும். கோடையில் தெரு நாய்கள் மர நிழலிலும் மணல் குவியலிலும் பள்ளம் பறித்துப் படுப்பது இதற்குத்தான்.

இந்த விளக்கத்தைச் சோதித்துப் பார்த்தவர்களில் ஒருவர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக உளவியலாளர் ஸ்டான்லி கோரன். அவர் கேட்ட கேள்வி எளிமையானது. தரையைச் சீர்செய்வதே சுற்றுவதன் நோக்கமானால், சமமற்ற தரையில் நாய்கள் அதிகம் சுற்ற வேண்டும் அல்லவா? 62 வளர்ப்பு நாய்களைக் கொண்டு செய்த சோதனையில், சமமான தரையில் படுக்கும் முன் முழுச் சுற்று சுற்றியவை ஐந்தில் ஒரு பங்கு அளவே. மேடுபள்ளமாகக் கிடந்த தடித்த கம்பளத்தில் பாதிக்கும் மேற்பட்டவை சுற்றின.

இந்த முடிவு டார்வினின் கருத்தைத் தாங்குகிறது, கூடவே சற்றுத் திருத்தவும் செய்கிறது. பொருளிழந்த வெறும் மிச்சம் என்றால் எந்தத் தரையிலும் ஒரே அளவில் சுற்ற வேண்டும். உண்மையில் பாதத்துக்குத் தரை எப்படிப் படுகிறது என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் சுற்றுகின்றன. பழக்கம் பழையது, ஆனால் அது இன்னும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. சமமான தரையிலும் சுற்றிய ஐந்தில் ஒரு பங்கு நாய்களிடம்தான் அந்த மிச்சத்தைத் தேட வேண்டும். கம்பளத்திலும் சுற்றாத நாய்கள் இருந்ததால், இதை விதிவிலக்கில்லாத அனிச்சைச் செயல் என்றும் சொல்ல முடியாது. சோதனை சிறியது, எல்லாம் வீட்டு நாய்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

பாம்பையும் பூச்சியையும் விரட்டச் சுற்றுகிறது, காற்றின் திசை பார்க்கச் சுற்றுகிறது என்பவை கேட்கப் பொருத்தமாக இருந்தாலும் இதுபோல் சோதித்து நிறுவப்பட்டவை அல்ல. பூமியின் காந்தப்புலம் பற்றிய பேச்சும் அவ்வப்போது எழும். அதற்கு மூலம் 2013இல் செக், ஜெர்மன் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை. காந்தப்புலம் அமைதியாக இருக்கும் நேரங்களில் நாய்கள் மலம் கழிக்க வடக்கு-தெற்காக நிற்பதை விரும்புகின்றன என்றது அது. படுப்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்துப் பேசுவது தவறு.

இயல்பான சுற்றலுக்கு ஓர் அடையாளம் உண்டு: சில சுற்றுகளில் முடியும், நாய் படுக்கும், எழாமல் உறங்கும். திரும்பத் திரும்பச் சுற்றியும் படுக்க முடியாமல் தவித்தாலோ, படுத்த உடனே எழுந்து மறுபடி சுற்றினாலோ வலி காரணமாக இருக்கலாம். வயதான நாய்களில் இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் இப்படித்தான் பல வேளை முதலில் தெரியவரும். தலை ஒரு பக்கம் சாய்ந்து, எப்போதும் ஒரே பக்கமாகச் சுற்றித் தள்ளாடினால், காதின் உட்பகுதியிலோ மூளையிலோ சமநிலை உறுப்புகள் கெட்டிருக்க வாய்ப்புண்டு. சினை நாய் துணியை இழுத்துப் போட்டுப் பிறாண்டிச் சுற்றுவது பிரசவம் நெருங்குவதைக் காட்டும், அது நோயல்ல. வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்துக்கொண்டு படுக்க முடியாமல் அலையும் பெரிய நாய்க்கு இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அப்போது விடியும்வரை காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். மற்ற நிலைகளில், நாய் சுற்றுவதைக் கைபேசியில் படம் பிடித்துக் காட்டினால் மருத்துவர் காரணத்தைக் கண்டறிவது எளிதாகும்.