சப்நெட் கணக்கு: மாஸ்க்கில் தொடங்குங்கள்

192.168.10.77/27 என்ற முகவரி எந்த சப்நெட்டைச் சேர்ந்தது? நெட்வொர்க் தேர்வில் வரும் இத்தகைய கேள்விக்கு எப்போதும் ஒரே வரிசையில் விடை காணலாம்.

முதலில் மாஸ்க்கை எழுதுங்கள். /27 என்றால் கடைசி எண்ணில் மூன்று பிட்கள் நெட்வொர்க்குக்குப் போகின்றன. அவற்றின் மதிப்புகளான 128, 64, 32 மூன்றையும் கூட்டினால் 224. ஆகவே மாஸ்க் 255.255.255.224. அடுத்து, 256-இலிருந்து 224-ஐக் கழித்தால் 32. சப்நெட்டுகள் 0, 32, 64, 96 என்று இந்த இடைவெளியில் தொடங்கும். 77 என்பது 64-க்கும் 96-க்கும் இடையில் இருப்பதால் நெட்வொர்க் முகவரி 192.168.10.64. அடுத்த சப்நெட்டுக்கு முந்தைய 95-இல் முடிவது பிராட்காஸ்ட் முகவரி. இடையிலுள்ள 65 முதல் 94 வரை, 30 முகவரிகளையே கணினிகளுக்குத் தரலாம். இரு முனைகளையும் கழிக்காமல் 32 என்று எழுதினால் மதிப்பெண் போகும்.

நெட்வொர்க் எண் ஒற்றைப்படையாகவோ பிராட்காஸ்ட் எண் இரட்டைப்படையாகவோ வந்தால் கணக்கு தவறு. மாஸ்க்கிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.