மீசை ஏன் துடிக்கிறது?

வீடியோவில் நம் முகத்துக்கு மீசையோ கண்ணாடியோ வைத்துக் காட்டும் ஃபில்டர்கள் உண்டு. ஆள் அசையாமல் உட்கார்ந்திருந்தாலும், சிலவற்றில் மீசை மட்டும் லேசாகத் துடித்துக்கொண்டே இருக்கும்.

காரணம், புள்ளிகள். டிலிப் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். புருவம், கண், மூக்கு, உதடு, தாடை என முகத்தில் 68 புள்ளிகளை அது குறிக்கும். ஒவ்வொரு பிரேமையும் தனிப் படமாகவே பார்ப்பதால், முந்தைய பிரேமில் எங்கே குறித்தோம் என்பது அதற்குத் தெரியாது. வெளிச்சம் சற்று மாறினாலும் புள்ளி ஓரிரு பிக்சல் தள்ளி விழும். இந்தப் புள்ளிகளை முக்கோணங்களாக இணைத்துத்தான் மீசைப் படத்தை இழுத்துப் பொருத்துகிறார்கள். ஒரு முனை நகர்ந்தால் அதைத் தொடும் முக்கோணங்கள் எல்லாம் இழுபடும். அதனால் இழுப்பதற்கு முன்பே புள்ளிகளை நிதானப்படுத்த வேண்டும். இழுத்த பிறகு பிரேம்களைச் சராசரி எடுத்தால் படம் மங்கத்தான் செய்யும்.

எளிய வழி நகரும் சராசரி. அசையாத மூக்கு நுனி ஐந்து பிரேம்களில் 200, 202, 199, 201, 198 என்று பதிவானால் சராசரி 200, நடுக்கம் அடங்கிவிடும். ஆனால் தலை திரும்பும்போது அதே நுனி 200, 210, 220, 230, 240 என்று ஓடினால் சராசரி 220. மூக்கு 240இல் இருக்க, மீசை 20 பிக்சல் பின்தங்கி வரும். பிரேம்களைக் கூட்டினால் நடுக்கம் இன்னும் குறையும், பின்னடைவும் கூடும்.

1960இல் ருடால்ஃப் கால்மன் வெளியிட்ட முறை வேகத்தையும் கணக்கில் எடுக்கிறது. கடந்த பிரேமில் நுனி 230இல், பிரேமுக்கு 10 பிக்சல் வேகத்தில் இருந்தால், இப்போது 240இல் இருக்கும் என்று முதலில் கணிக்கிறது. அளவீடு 243 என்று வந்தால் அதை அப்படியே ஏற்காமல், வித்தியாசத்தில் பத்தில் மூன்று பங்கை மட்டும் சேர்த்து 240.9 என்கிறது. அந்தப் பங்கு எவ்வளவு என்பது, கணிப்பையும் அளவீட்டையும் எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைப் பொறுத்தது. அளவீட்டின் பிழையை ஊகிக்க வேண்டியதில்லை. ஒருவரை அசையாமல் உட்காரவைத்துப் படமெடுத்து, புள்ளிகள் எவ்வளவு அலைகின்றன என்று பார்த்தாலே போதும்.

கால்மனும் தவறும் இடம் உண்டு. ஓடிவந்த தலை 240இல் சட்டென்று நின்றால், கணிப்பு 250 என்று போய்விடும். அதே பங்கில் திருத்தினாலும் 247தான் கிடைக்கும். மீசை முகத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும். எனவே அசையாத முகத்தில் மட்டும் சோதித்துவிட்டுத் திருப்தி அடையக் கூடாது. தலையை வேகமாகத் திருப்பி, சட்டென்று நிறுத்தியும் பார்க்க வேண்டும்.

நேரலைக்குக் கால்மனே என் தேர்வு. ஏற்கெனவே பதிவான வீடியோ என்றால் அது தேவையில்லை. முன்னே இரண்டு, பின்னே இரண்டு பிரேம்களைச் சேர்த்துச் சராசரி எடுங்கள். சீராகத் திரும்பும் தலையில் பின்னடைவே இருக்காது.