ஏழு நாள் கணக்கும் ஆறாம் நாளில் நிரம்பிய டிஸ்க்கும்

இணையக் கடையொன்றில் வாடிக்கையாளர் எந்தப் பொருளைத் தொட்டாலும் அந்தச் சேதி ஒரு சின்ன மெசேஜாகக் கிளம்புகிறது. விற்பனைக் கணக்கு, விளம்பரம், மோசடிக் கண்காணிப்பு என்று பல மென்பொருள்கள் அதே மெசேஜுக்காகக் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அனுப்பிக்கொண்டிருந்தால், அவற்றில் ஒன்று படுத்தாலும் அனுப்புகிறவருக்குத் தலைவலி. அதனால் நடுவில் ஒரு மெசேஜ் புரோக்கரை வைக்கிறார்கள். இந்த வேலைக்குப் பெயர்போன மென்பொருள் காஃப்கா. லிங்க்ட்இன் நிறுவனத்தில் பிறந்து, 2011-இல் திறமூலமாக வெளிவந்தது.

காஃப்காவுக்கு ஒரு குணம் உண்டு. யாரோ படித்துவிட்டார்கள் என்பதற்காக எந்த மெசேஜையும் அது அழிக்காது. இன்னும் யாரும் படிக்கவில்லை என்பதற்காக எதையும் பாதுகாத்து வைக்கவும் செய்யாது. எதை எப்போது அழிப்பது என்பதை இரண்டே அளவுகோல்கள் தீர்மானிக்கின்றன: வயது, பருமன். மாற்றாமல் விட்டால் வயது வரம்பு 168 மணி நேரம், அதாவது ஏழு நாள். பருமனுக்கு வரம்பே கிடையாது; அமைப்புக் கோப்பில் அதன் மதிப்பு -1.

அந்த -1-தான் வம்பு.

கடையின் `clicks` என்ற டாபிக்கில் நொடிக்குச் சராசரியாக 1 எம்பி வந்து விழுவதாக வைத்துக்கொள்வோம். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் ஒரு நாளுக்கு 86,400 நொடி. நாளொன்றுக்கு 86 ஜிபிக்குக் கொஞ்சம் மேல். ஏழு நாள் சேர்த்து வைக்க 600 ஜிபிக்கு மேல் வேண்டும். சர்வரில் இருக்கும் டிஸ்க்கோ 500 ஜிபி. முதல் மெசேஜின் ஏழு நாள் கெடு முடிவதற்குள், ஆறாம் நாளே டிஸ்க் நிரம்பிவிடுகிறது. `No space left on device` என்ற வரியை எழுதிவிட்டு புரோக்கர் நின்றுபோகும். காஃப்கா தவறேதும் செய்யவில்லை. ஏழு நாள் வைத்திரு என்றார்கள், வைத்திருந்தது.

சரி, பருமனுக்கும் ஒரு வரம்பு போடுவோம் என்று நிர்வாகி `retention.bytes` என்ற இடத்தில் 300 ஜிபி என்று எழுதுகிறார். அடுத்த வாரமும் டிஸ்க் நிரம்புகிறது. காரணம், அந்த எண் டாபிக் முழுவதற்குமானதல்ல. ஒரு டாபிக்கைக் காஃப்கா பல பார்ட்டிஷன்களாகப் பிரித்து வைக்கிறது. வரம்பு ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் தனி. `clicks`-இல் 12 பார்ட்டிஷன் இருந்தால், அவர் கொடுத்த அனுமதி 3,600 ஜிபி. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான். `topic.retention.bytes.per.partition` என்று நீளமாகப் பெயர் வைத்திருந்தால் எத்தனையோ பேரின் இரவுத் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. மெசேஜ்களைக் காஃப்கா ஒவ்வொன்றாக அழிப்பதில்லை. பார்ட்டிஷனுக்குள் அவை செக்மென்ட் என்ற கோப்புகளில் வரிசையாக எழுதப்படுகின்றன. மளிகைக்கடைக் கணக்கு நோட்டைப் போலத்தான்: ஒரு நோட்டு நிரம்பியதும் அடுத்தது, பழையதைக் கழிக்கும்போது பக்கம் பக்கமாகக் கிழிப்பதில்லை, நோட்டையே போடுவது. வழக்கமான செக்மென்டின் அளவு 1 ஜிபி. அதிலுள்ள கடைசி மெசேஜுக்கும் வயது கடந்தால்தான் கோப்பு போகும். பருமன் கணக்கிலும் அப்படித்தான். ஒரு முழு செக்மென்டை எடுத்த பிறகும் வரம்புக்குக் குறையாமல் இருந்தால்தான் எடுக்கும். ஆகவே ஒவ்வொரு பார்ட்டிஷனிலும் வரம்புக்கு மேல் ஒரு செக்மென்ட் கூடுதலாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதே சரி.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடலாம். 500 ஜிபியில் 150 ஜிபியைக் காலியாக விட்டால் மிச்சம் 350. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் 29-க்குச் சற்று மேல். கூடுதல் செக்மென்டுக்கும் கொஞ்சம் தாராளத்துக்கும் கழித்து, 27 ஜிபி என்று வைக்கலாம்.

```
kafka-configs.sh --bootstrap-server localhost:9092 --alter \
  --entity-type topics --entity-name clicks \
  --add-config retention.bytes=27000000000
```

புரோக்கரை நிறுத்திக் கிளப்பத் தேவையில்லை. ஆனால் இடம் அந்த நொடியே காலியாகாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் காஃப்கா பழைய செக்மென்டுகளைத் தேடும். அகப்பட்டவற்றின் பெயரில் `.deleted` என்று ஒட்டி, மேலும் ஒரு நிமிடம் கழித்தே டிஸ்க்கிலிருந்து நீக்கும். இந்த ஆறு நிமிடத்தில் பொறுமையிழந்து `rm` அடிப்பவர்கள் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் புரோக்கர் அந்தக் கோப்பைத் திறந்தே வைத்திருக்கும். கோப்பின் பெயர் மறையும், இடம் மீளாது. `du` ஒரு கணக்கும் `df` வேறொரு கணக்கும் காட்டும். புரோக்கர் ஏற்கெனவே விழுந்துவிட்டால் மேலே உள்ள கட்டளைக்குப் பதில் சொல்லவும் ஆளில்லை. டிஸ்க்கை விரிவாக்கிப் புரோக்கரைக் கிளப்பிய பிறகுதான் வரம்பைக் குறைக்க முடியும். அதனால்தான் அந்த 150 ஜிபி காலியிடம்.

டிஸ்க் பிழைத்தது. ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. ஒரு பார்ட்டிஷனுக்கு நாளொன்றுக்கு 7.2 ஜிபி வருகிறது. 27 ஜிபி என்பது நான்கு நாளைக்கும் குறைவு. வயது வரம்பு ஏழு நாள் என்று அமைப்பில் அப்படியே எழுதியிருக்கும். ஆனால் இரண்டில் எது முதலில் எட்டுகிறதோ அதுதான் செல்லும். விற்பனைக் கணக்கு மென்பொருள் ஐந்து நாள் விடுமுறையில் யாரும் கவனிக்காமல் நின்றுபோனால், திரும்பக் கிளம்பும்போது அது படிக்க வேண்டிய இடமே இருக்காது. அப்போது என்ன செய்வது என்பதை `auto.offset.reset` தீர்மானிக்கும். அதன் வழக்கமான மதிப்பு `latest`: இழந்ததையும் விட்டு, இன்னும் டிஸ்க்கில் கிடப்பதையும் விட்டு, நேரே இப்போது வருகிற மெசேஜுக்குத் தாவிவிடும். திரையில் எல்லாம் பச்சையாகத்தான் தெரியும். `earliest` என்று வைத்தால் மிஞ்சியிருப்பதிலாவது தொடங்கும். டிஸ்க் நிரம்பினால் ஊரே கூடிவிடும். இந்த இழப்பு மாதக் கடைசியில் கணக்கு உதைக்கும்போதுதான் தெரியவரும். இரண்டில் இதுவே மோசம்.

நேர் எதிரான கோளாறும் வரும். மெசேஜ் சொட்டுச் சொட்டாக வரும் டாபிக்கில் 1 ஜிபி நோட்டு நிரம்பவே நிரம்பாது. ஒரு நாள் மட்டும் வைத்திரு என்று வயது வரம்பைச் சுருக்கினாலும், எழுதிக்கொண்டிருக்கும் செக்மென்டில் புது மெசேஜ் வந்துகொண்டே இருப்பதால் பழையதும் கூடவே தங்கும். காலத்தை வைத்துச் செக்மென்டை மூடும் `segment.ms`-உம் வழக்கமாக ஏழு நாள்தான். வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணை ஒரே நாளில் அழிக்கிறோம் என்று வாக்குக் கொடுத்த கடை, அதையும் சேர்த்துச் சில மணி நேரமாகக் குறைக்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரேயொரு பார்ட்டிஷன் மட்டும் வீங்கிக்கொண்டே போனால், கடிகாரத்தைச் சந்தேகிக்கலாம். மெசேஜின் நேரத்தை வழக்கமாக அனுப்புகிற கருவிதான் குறிக்கிறது. எங்கோ ஒரு கைபேசியின் கடிகாரம் 2035 என்று காட்டி, அந்த மெசேஜும் உள்ளே நுழைந்துவிட்டால், அது உட்கார்ந்திருக்கும் செக்மென்டுக்கு 2035 வரை வயதே ஆகாது. அழிப்பு பழையதிலிருந்து வரிசையாக நடப்பதால், அதற்குப் பின்னால் உள்ளவையும் வயதுக் கணக்கில் நகராது. அந்த நேரத்தில் பருமன் வரம்பு ஒன்றுதான் காப்பாற்றும். காஃப்காவின் 4.0 பதிப்பிலிருந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்தி ஓடும் மெசேஜை வாசலிலேயே மறுக்கும்படி அமைத்திருக்கிறார்கள். பழைய பதிப்பை ஓட்டுபவர்கள் அந்த வரம்பைக் கையால்தான் போட வேண்டும்.