பெடலை மிதித்த பிறகு

கோவை கணபதியிலோ அம்பத்தூரிலோ உள்ள சிறிய பட்டறைகளில் இன்றும் ஓடும் பழைய பவர் பிரஸ்களில் பெரும்பாலானவை கீ கிளட்ச் வகை. அதில் பிளைவீல் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். பெடலை மிதித்தால் கீ என்ற எஃகுத் துண்டு திரும்பி, பிளைவீலையும் கிராங்க்கையும் ஒன்றாகப் பூட்டிவிடும். ராம் இறங்கி, தகட்டை வெட்டி, மேலே வந்து நிற்கும். கீ பூட்டிய பிறகு அந்தச் சுற்றை நடுவில் நிறுத்த வழியே கிடையாது. காலை எடுத்தாலும் நிற்காது, மோட்டாரை அணைத்தாலும் நிற்காது. தகடு சற்றுக் கோணலாக இருப்பதைப் பெடல் மிதித்த பின் கண்டு, அனிச்சையாகக் கையை நீட்டுபவரின் விரல்தான் போகிறது.

இந்த ஒரு குணம் தெரியாமல் பாதுகாப்புச் சாதனம் வாங்குவதால் பணமும் வீண், விரலும் வீண். ஒளித்திரை சென்சாரை எடுத்துக்கொள்வோம். கை குறுக்கிட்டால் அது நிறுத்தச் சொல்லும். கீ கிளட்ச்சுக்கோ நிற்கத் தெரியாது. பச்சை விளக்கு எரிவதைப் பார்த்து ஆபரேட்டர் இன்னும் தைரியமாகக் கையை விடுவார். சென்சார் இல்லாத மெஷினைவிட இது மோசம்.

இரண்டு கையாலும் பட்டனை அழுத்தி ஓட்டும் முறையையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 60 ஸ்ட்ரோக் என்றால் ஒரு சுற்றுக்கு 1 விநாடி. கீ விழ ஒரே பள்ளம்தான் இருக்கிறது என்றால், அது வந்து சேரவே அதிகபட்சம் 1 விநாடி ஆகும். அதன்பின் ராம் கீழே வர அரை விநாடி. ஆக 1.5 விநாடி. பட்டனை விட்ட கை விநாடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில் நகரும் என்பது இத்தகைய கணக்குகளில் வழக்கமாக எடுக்கும் அளவு. பெருக்கினால் 2.4 மீட்டர். பட்டன்களை டையிலிருந்து அவ்வளவு தள்ளி வைத்தால்தான் கை போய்ச் சேருமுன் டை மூடியிருக்கும். எந்தப் பட்டறையில் அதற்கு இடம் இருக்கிறது?

எனவே கீ கிளட்ச் பிரஸ்ஸுக்குக் கம்பிக் கூண்டோ, தகட்டு மூடியோதான் சரி. பட்டைத் தகட்டை நீளமாகச் செலுத்தி வாஷர் வெட்டும் வேலைக்கு, டையைச் சுற்றி ஸ்பேனர் போட்டால் மட்டுமே கழற்றக்கூடிய நிலையான கூண்டு போதும். தகடு நுழையும் சந்து 6 மில்லிமீட்டருக்குள் இருந்தால் கூண்டை டைக்கு 10 மில்லிமீட்டர் அருகிலும் வைக்கலாம். சந்து 12 மில்லிமீட்டராக அகன்றால் விரல் உள்ளே போய்விடும். 100 மில்லிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். தகடு வெட்டும் ஷியரிங் மெஷினின் முன்பக்கத் தடுப்புக்கும் இதே அளவுதான். கனமான தகடு நுழையவில்லை என்று அந்தத் தடுப்பை உயர்த்திக் கட்டிவிட்டு, மறுநாள் மெல்லிய தகட்டுக்கு இறக்காமல் விடுவது அங்கே அடிக்கடி நடக்கும் தவறு.

ஒவ்வொரு துண்டாகக் கையால் வைக்கும் வேலைக்குக் கூண்டு திறந்து மூட வேண்டும். அங்கேதான் இண்டர்லாக் வருகிறது. கதவு மூடினால்தான் பெடல் வேலை செய்ய வேண்டும். ராம் மேலே திரும்பி நிற்கும் வரை கதவு திறக்கவும் கூடாது. பல இடங்களில் கதவுக்கு லிமிட் சுவிட்ச் வைத்து மோட்டாரை மட்டும் துண்டிக்கிறார்கள். பிளைவீல் இன்னும் பல நிமிடம் சுற்றும், பெடலும் உயிரோடு இருக்கும். கதவு தடுக்க வேண்டியது மோட்டாரை அல்ல, கிளட்ச் லீவரை. கதவோடு இணைந்த இரும்புத் தண்டே லீவரைப் பூட்டினால் நல்லது.

மின் சுவிட்ச்தான் என்றால் அதைப் பொருத்தும் விதம் முக்கியம். மூடிய கதவு சுவிட்சின் பொத்தானை அழுத்தி நிற்கும்படி வைத்தால், ஒரு துண்டு டேப் ஒட்டி ஏமாற்றிவிடலாம். உள்ளே ஸ்பிரிங் உடைந்தாலும் தெரியாது. மாறாக, கதவைத் திறக்கும்போது கேம் பொத்தானை அழுத்தி, உள்ளிருக்கும் தொடர்பை வலுக்கட்டாயமாகப் பிரிக்கும்படி வைத்தால் டேப்பால் ஏமாற்ற முடியாது. ஒன்று அப்படி, ஒன்று இப்படி என இரண்டு சுவிட்ச் வைப்பது இன்னும் நல்லது.

இண்டர்லாக்குக்கும் எல்லை உண்டு. கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்தாலோ கீ தேய்ந்தாலோ, பெடல் மிதிக்காமலே ராம் இரண்டாவது முறை இறங்கும். அதற்குள் கதவு திறந்திருந்தால் தடுக்க ஒன்றுமில்லை. ராம் உச்சியில் நிற்காமல் சற்றுத் தாண்டிப் போவது முன்னறிகுறி; அன்றே மெஷினை நிறுத்தி பிரேக் பெல்ட்டையும் கீயையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒளித்திரைதான் வேண்டும் என்பவர்கள் முதலில் கிளட்ச்சை ஏர் கிளட்ச்சாக மாற்றட்டும். அது நடுவழியில் நிற்கும். 0.2 விநாடியில் நிற்கும் பிரஸ்ஸுக்குத் திரை 400 மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பிரேக் தேய்ந்து 0.25 ஆனால் 500. ஆகவே நிற்கும் நேரத்தை அவ்வப்போது அளந்து, திரையின் இடத்தையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.