அனோடைசிங்கில் மாறும் அளவு

அனோடைசிங் என்பது அலுமினியத்தின் மேல் பூசப்படும் பெயின்ட் போன்றதல்ல. உதிரிபாகத்தை நீர் கலந்த சல்பூரிக் அமிலத் தொட்டியில் தொங்கவிட்டு, மின்சாரத்தின் நேர்முனையை அதில் இணைக்கும்போது, மேற்பரப்பில் உள்ள அலுமினியமே ஆக்சைடாக மாறுகிறது. வெளியிலிருந்து வேறு எந்த உலோகமும் வந்து படிவதில்லை. இருந்தாலும் உருவாகும் ஆக்சைடு, அதற்காகச் செலவான அலுமினியத்தைவிட அதிக இடம் பிடிக்கிறது. அதனால் படலத்தின் ஒரு பகுதி பழைய மேற்பரப்புக்குள் இறங்கி நிற்கிறது. மீதிப் பகுதி அதற்கு மேலே எழும்பி நிற்கிறது. எழும்பி நிற்கும் பகுதியைத்தான் வளர்ச்சி என்கிறோம். ட்ராயிங்கில் குறித்த அளவு பூச்சுக்குப் பிறகு கிடைக்க வேண்டுமானால், இந்த வளர்ச்சிக்கு லேத்திலோ சி.என்.சி.யிலோ முன்கூட்டியே இடம் விட்டாக வேண்டும்.

வளர்ச்சி எவ்வளவு என்பது அனோடைசிங்கின் வகையைப் பொறுத்தது. அழகுக்கும் துருத்தடுப்புக்கும் செய்யப்படும் சாதாரண அனோடைசிங் சுமார் 20 டிகிரி வெப்பநிலையில் நடக்கும். படலம் பெரும்பாலும் 5 முதல் 25 மைக்ரான் வரை இருக்கும். இதில் மூன்றில் ஒரு பங்கு வெளியே வளரும், மூன்றில் இரண்டு பங்கு உள்ளே இறங்கும் என்பது தொழிலில் புழங்கும் கணக்கு. 15 மைக்ரான் படலம் என்றால் ஒரு பக்கத்துக்கு 5 மைக்ரான் வளர்ச்சி. தேய்மானத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்படும் ஹார்டு அனோடைசிங்கில் அமிலம் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டிக் குளிர்விக்கப்படுகிறது. அந்தக் குளிரில் உருவான ஆக்சைடை அமிலம் கரைப்பது குறைவதால் அடர்த்தியான, தடித்த படலம் கிடைக்கிறது. இதில் பாதி வெளியே, பாதி உள்ளே. வழக்கமான 50 மைக்ரான் படலத்துக்கு ஒரு பக்க வளர்ச்சி 25 மைக்ரான்.

படலத்தின் தடிமன் வேறு, வளர்ச்சி வேறு என்பதை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். ‘50 மைக்ரான்’ என்று மட்டும் ஒருவர் சொன்னால், அது முழுத் தடிமனா, ஒரு பக்க வளர்ச்சியா, விட்டத்தில் ஏற்படும் மாற்றமா என்று கேட்டுத் தெளிந்துகொள்வது அவசியம். ஹார்டு அனோடைசிங்கில் முழுத் தடிமனும் விட்ட மாற்றமும் தற்செயலாக ஒரே எண்ணாக வரும்: 50 மைக்ரான் படலம், ஒரு பக்கம் 25, எதிரெதிர் இரு பக்கமும் சேர்ந்து விட்டத்தில் 50. சாதாரண அனோடைசிங்கில் இந்தப் பொருத்தம் கிடையாது. அங்கே 15 மைக்ரான் படலம் விட்டத்தை 10 மைக்ரான்தான் மாற்றும்.

எந்த அளவு மாறும், எது மாறாது

வளர்ச்சி எப்போதும் மேற்பரப்புக்குச் செங்குத்தாக வெளிநோக்கியே நடக்கிறது. அதனால் தண்டின் வெளிவிட்டம் ஒரு பக்க வளர்ச்சியைப்போல இரு மடங்கு பெருக்கும். துளையின் விட்டம் அதே இரு மடங்கு சுருங்கும். பள்ளத்தின் அகலமும் இரு மடங்கு குறையும். ஆனால் இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையிலான தூரம் மாறாது. ஒரே திசையைப் பார்த்திருக்கும் இரண்டு படிகளுக்கு இடையிலான உயரமும் மாறாது, இரண்டும் சம அளவில் எழும்புவதால். அந்தப் படிகளில் ஒன்றை மட்டும் மறைத்துப் பூச்சு ஏறாமல் செய்தால், உயரம் ஒரு பக்க வளர்ச்சி அளவுக்கு மாறிவிடும்.

மரைதான் மிகவும் ஏமாற்றும் இடம். 60 டிகிரி மரையில் சரிவுப் பரப்புகள் அச்சுக்குச் சாய்ந்திருப்பதால், அவற்றுக்குச் செங்குத்தான வளர்ச்சி ஆர வாக்கில் இரு மடங்காகிறது. எதிர்ப்பக்கத்தையும் சேர்த்தால், மரையின் சராசரி விட்டம் ஒரு பக்க வளர்ச்சியைப்போல நான்கு மடங்கு மாறும். 25 மைக்ரான் வளர்ச்சி என்றால் 100 மைக்ரான். எம்6 உள்மரைக்கு அனுமதிக்கப்படும் மொத்த வித்தியாசமே வழக்கமான 6எச் தரத்தில் 150 மைக்ரான்தான். சாதாரண டேப்பால் வெட்டிய துளையை அப்படியே ஹார்டு அனோடைசிங்குக்கு அனுப்பினால், திரும்பி வரும்போது போல்ட் ஏறாமல் போக வாய்ப்பு அதிகம். அளவு கூட்டிய டேப்பால் மரை வெட்டுவது ஒரு வழி. சிலிகான் அடைப்பான்களால் மரையை மூடிவிட்டுப் பூச்சு ஏற்றுவது மற்றொரு வழி.

ஒரு துளையின் கணக்கு

6061 அலுமினியத்தில் செய்த ஒரு காற்றழுத்த சிலிண்டரின் உடலை எடுத்துக்கொள்ளலாம். உள்ளே பிஸ்டன் நகரும் துளையின் அளவு ட்ராயிங்கில் 20 எச்7, அதாவது 20.000 முதல் 20.021 மி.மீ. வரை. இந்த அளவு பூச்சுக்குப் பிறகு இருக்க வேண்டும். பூச்சு 50 மைக்ரான் ஹார்டு அனோடைசிங்.

முதல் கணக்கு எளிது. துளை 50 மைக்ரான் சுருங்கும். எனவே இரு எல்லைகளோடும் 0.050 கூட்டினால் 20.050 முதல் 20.071 வரை. பல பட்டறைகளில் கணக்கு இங்கேயே நின்றுவிடுகிறது. ஆனால் படலம் எப்போதும் சரியாக 50 மைக்ரானாக வருவதில்லை. பூச்சு போடுபவர் 45 முதல் 55 வரை உறுதி தருகிறார் என்றால், விட்டமும் 45 முதல் 55 மைக்ரான் வரை சுருங்கலாம். படலம் மிகத் தடித்து வந்தாலும் துளை 20.000க்குக் கீழே போகக்கூடாது. ஆகவே கீழெல்லை 20.055. படலம் மிக மெலிந்து வந்தாலும் 20.021க்கு மேல் நிற்கக்கூடாது. ஆகவே மேலெல்லை 20.066. துளை வெட்டுபவருக்கு ட்ராயிங் 21 மைக்ரான் கொடுத்தது. அவர் கைக்கு வந்து சேர்ந்தது 11 மைக்ரான்தான். மீதி 10 மைக்ரானைப் பூச்சின் ஏற்ற இறக்கம் எடுத்துக்கொண்டது.

இதே கணக்கை அமெரிக்க ராணுவத் தரக்குறிப்பு 8625இன்படி போட்டால் நிலைமை இன்னும் தெளிவாகும். வேறு குறிப்பு இல்லாதபோது, 50 மைக்ரான் ஹார்டு படலத்துக்கு அது 20 சதவீதம் கூடக் குறைய அனுமதிக்கிறது. அப்போது படலம் 40 முதல் 60 வரை. கீழெல்லை 20.060, மேலெல்லை 20.061. ஒரே ஒரு மைக்ரான் மிச்சம். அந்த அளவுக்குள் துளை வெட்டித் தொடர்ந்து உற்பத்தி செய்வது நடைமுறையில் ஆகாத காரியம். ட்ராயிங்கில் உள்ள டாலரன்ஸும் பூச்சின் டாலரன்ஸும் ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா என்பதை முதல் சில்லு விழுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும் என்பதற்கு இந்த ஒரு மைக்ரானே போதிய சான்று. ஒத்துப்போகாவிட்டால் வழிகள் மூன்று: பூச்சின் வரம்பை இறுக்கச் சொல்வது, ட்ராயிங் அளவைத் தளர்த்தக் கேட்பது, அல்லது படலம் கூடுதலாக ஏறும்படி செய்து பிறகு வைரத் துகளால் துளையைத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவது. ஆக்சைடு மிகக் கடினமானது என்பதால் மூன்றாவது வழி செலவு பிடிக்கும்.

தண்டுக்கும் இதே முறைதான், கூட்டுவதற்குப் பதில் கழிக்க வேண்டும். மேலெல்லையிலிருந்து அதிகபட்ச வளர்ச்சியையும், கீழெல்லையிலிருந்து குறைந்தபட்ச வளர்ச்சியையும் கழித்தால் முன்னளவு கிடைக்கும்.

கணக்கில் வராத இழப்புகள்

தொட்டிக்குள் போவதற்கு முன் உதிரிபாகம் கழுவப்படுகிறது. எண்ணெய்ப் பிசுக்கை நீக்கியபின், சில இடங்களில் காஸ்டிக் சோடா கரைசலில் முக்கி மேற்பரப்பை அரிக்க விடுவார்கள். இதில் அலுமினியம் உண்மையாகவே கரைந்து போகிறது. ஒரு பக்கத்துக்கு 3 மைக்ரான் போனால், துளை 6 மைக்ரான் பெருத்துவிடும். மேலே சொன்ன 20.055–20.066 என்பது 20.049–20.060 ஆகக் கீழிறங்க வேண்டும். மெல்லிய சாதாரண அனோடைசிங்கில் இந்த அரிப்பு வளர்ச்சியையே மிஞ்சி, துளை சுருங்குவதற்குப் பதில் பெருத்துவிடவும் கூடும். அளவு முக்கியமான பாகங்களுக்குக் காஸ்டிக் அரிப்பு வேண்டாம் என்று எழுத்திலேயே கேட்பது நல்லது.

பாதிக்குப் பாதி என்ற விகிதமும் ஒரு சராசரிதான். செம்பு அதிகமுள்ள 2024, சிலிக்கான் அதிகமுள்ள வார்ப்புக் கலவைகள் ஆகியவை 6061 போல நடந்துகொள்வதில்லை. ஆழமான துளைகளில் வாய்ப்பகுதியைவிட உட்பகுதியில் படலம் மெலிந்து வரலாம். இவை எல்லாவற்றையும் ஒருசேரப் பிடிக்க ஒரே நம்பகமான வழி சோதனைத் துண்டு. அதே கலவையில், அதே வடிவத்தில் சில பாகங்களை வெட்டி, குறித்த இடங்களில் அளந்து எழுதிவைத்து, பூச்சுக்குப் பின் அதே இடங்களில் மீண்டும் அளக்க வேண்டும். இரண்டு அளவுகளுக்கும் உள்ள வித்தியாசத்தில் அரிப்பு, வளர்ச்சி எல்லாம் அடங்கிவிடும்.

அளக்கும்போது வெப்பநிலையும் கணக்கில் சேரும். 20 மி.மீ. அலுமினியத் துளை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் அரை மைக்ரான் விரியும். மெஷினிலிருந்து சூடாக எடுத்த பாகம் 10 டிகிரி கூடுதலாக இருந்தால், 11 மைக்ரான் வரம்பில் கிட்டத்தட்ட 5 மைக்ரான் பொய்யாகிவிடும். பாகமும் கேஜும் ஒரே அறையில் ஆறிய பிறகே அளவெடுக்க வேண்டும்.

தவறினால் எங்கே தவறியது

பூச்சு முடிந்து வந்த துளையில் கேஜ் நுழையவில்லை என்றால், முதலில் சுழல்மின்னோட்ட மீட்டரால் படலத்தின் தடிமனை அளக்கலாம்; இதற்குப் பாகத்தை வெட்டத் தேவையில்லை. தடிமன் 60 மைக்ரானைக் காட்டினால் பூச்சு கூடிவிட்டது. தடிமன் சரியாக இருந்தால், பூச்சுக்கு முன் எடுத்த அளவுப் பதிவைப் பார்க்க வேண்டும். அதுவும் சரியென்றால், விகிதமோ அரிப்போ எதிர்பார்த்ததிலிருந்து மாறியிருக்கிறது. முன்னளவைப் பதிவு செய்யாத பட்டறையில் இந்த விசாரணைக்கே இடமில்லை. பழி பூச்சு போட்டவர் மேலும் துளை வெட்டியவர் மேலும் மாறிமாறி விழும்.

படலத்தை அமிலத்தில் கரைத்துவிட்டு மறுபடி ஏற்றலாம் என்ற எண்ணம் அளவுள்ள பாகங்களில் உதவாது. 20.060க்கு வெட்டிய துளையில் ஹார்டு படலம் ஒரு பக்கத்துக்கு 25 மைக்ரான் அலுமினியத்தைத் தின்றிருக்கும். படலத்தைக் கரைத்தெடுத்தால் துளை 20.110 ஆக நிற்கும். மறுபடி 50 மைக்ரான் ஏற்றினால் 20.060க்குத்தான் திரும்பும், ட்ராயிங் கேட்ட மேலெல்லை 20.021. அந்தப் பாகம் ஸ்கிராப்.

ஆகவே ட்ராயிங்கிலேயே நான்கு செய்திகள் இருக்க வேண்டும்: அளவுகள் பூச்சுக்கு முன்னதா பின்னதா, படலத்தின் முழுத் தடிமனும் அதன் ஏற்ற இறக்க வரம்பும், எந்தத் துளைகளையும் மரைகளையும் மறைக்க வேண்டும், பாகத்தைத் தொங்கவிடும் பிடிப்பு எந்த இடத்தில் படலாம். பிடிப்புத் தொட்ட இடத்தில் படலமே ஏறாது. அந்த இடம் பிஸ்டன் நகரும் பரப்பாக இருக்கக்கூடாது. இந்த நான்கும் எழுதப்பட்டிருந்தால், துளை வெட்டுபவர் எந்த எண்ணுக்கு வெட்ட வேண்டும் என்பதை ஊகிக்காமல் கணக்கிட்டே அறியலாம்.