பலகை பிறகு, தோசை முதலில்

“வணக்கம் மக்களே, இன்னைக்கு நாம எங்க வந்திருக்கோம்னா…”

தமிழ்நாட்டுக் கடைகளின் விளம்பர ரீல்களில் ஏராளமானவை இப்படித்தான் தொடங்குகின்றன. ஆறு சொற்கள். நிதானமாகச் சொன்னால் மூன்று நொடி ஆகிவிடும். பின்னால் கடையின் பெயர்ப்பலகை தெரிகிறது, பேசுபவரின் முகம் தெரிகிறது. கடையில் என்ன கிடைக்கும் என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை. கட்டைவிரலால் திரையைத் தள்ளிக்கொண்டே போகிறவர் அதற்குள் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறார்.

தொலைக்காட்சி விளம்பரம் வந்தால் பார்ப்பவர் காத்திருந்தார். 2010இல் யூடியூப் ‘தவிர்’ பொத்தானைக் கொண்டுவந்தபோதுகூட ஐந்து நொடி கட்டாயமாக இருந்தது. அந்த ஐந்து நொடியை மிகச் சாமர்த்தியமாகப் பயன்படுத்தியது கெய்கோ என்ற அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம். 2015இல் வந்த அதன் விளம்பரத்தில் ஒரு குடும்பம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, காப்பீட்டில் மிச்சமான பணத்தைப் பற்றி ஒரு வரி பேசுகிறது. உடனே, “இந்த விளம்பரத்தைத் தவிர்க்க முடியாது, ஏனென்றால் அது முடிந்துவிட்டது” என்கிறது ஒரு குரல். அதன்பின் குடும்பம் அப்படியே உறைந்து நிற்க, வீட்டு நாய் மேசை மேல் ஏறித் தட்டுகளைக் காலி செய்கிறது. சொல்ல வேண்டியது ஐந்து நொடிக்குள் முடிந்துவிட்டதால், தவிர்த்தவர்களுக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது.

ரீல்ஸிலும் ஷார்ட்ஸிலும் அந்தக் கட்டாய ஐந்து நொடியும் இல்லை. 2020 ஜூனில் டிக்டாக் இந்தியாவில் தடைசெய்யப்பட்ட சில மாதங்களுக்குள் இவை இரண்டும் இங்கே வந்தன. முதல் நொடியிலேயே விரல் நகரலாம். ஆகவே கடைக்காரர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நம் பொருள் செய்யும் வேலையில், பார்த்தவுடன் புரிகிற கணம் எது?

ஒரு பாத்திரக்கடையை எடுத்துக்கொள்வோம். காரைக்குடி கடைத்தெருவில் இருப்பதாகவும், பழக்கிய வார்ப்பிரும்பு தோசைக்கல் விற்பதாகவும் வைத்துக்கொள்ளலாம். புதுக் கல்லில் மாவு ஊற்றினால் தோசை ஒட்டிக்கொண்டு பிய்ந்துபோகும். எண்ணெய் தடவிச் சூடேற்றிச் சூடேற்றிப் பழக்கிய பிறகுதான் தோசை முழுசாக எழும்பும். அந்த வேலையைக் கடையே செய்து தருகிறது. இதை ரீலாக எடுக்கும்போது பலரும் வாசலிலிருந்து தொடங்குவார்கள். வாசல், பலகை, அடுக்கிவைத்த பாத்திரங்கள், முதலாளியின் வணக்கம் என்று போய், தோசை வருவதற்குள் இருபது நொடி கடந்திருக்கும்.

திருப்பிப் போடலாம். முதல் காட்சியே தோசைத்திருப்பி ஓரத்தில் நுழைந்து, பொன்னிறத் தோசை ஒட்டாமல் முழுசாக எழும்புவது. படம்பிடிக்கும் பொத்தானை அழுத்தியதும் கை ஆடுகிற அந்த அரை நொடியை வெட்டிவிட வேண்டும்; திருப்பி ஏற்கெனவே தோசைக்கு அடியில் போயிருக்கும் இடத்திலிருந்து வீடியோ தொடங்கட்டும். அசைவு நடுவில் தொடங்கினால், அது எப்படி முடிகிறது என்று பார்க்கத் தோன்றும். செல்போனைக் கல்லுக்கு ஒரு முழம் தள்ளித் தாழ்வாக வைத்து, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி செய்தால் ஆவியும் தெரியும், தோசையின் மொறுமொறுப்பும் தெரியும். மேலே சினிமாப் பாட்டைப் போட்டு அந்தச் ‘சர்’ சத்தத்தை அமுக்கிவிடக் கூடாது. பசியோடு இருப்பவரின் கையை நிறுத்த அந்தச் சத்தம் ஒன்றே போதும்.

பேருந்திலும் அலுவலகத்திலும் ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. அவர்களுக்காகத் திரையில் எழுத்து வேண்டும்: “புதுக் கல். முதல் தோசையே ஒட்டலை.” ஐந்தே சொற்கள், இரண்டு வரி. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால், இதற்கு மேல் போனால் எழுத்து சிறுத்து, வாசிக்கவே மூன்று நொடி ஆகும். இடமும் முக்கியம். செங்குத்துத் திரையின் அடிப்பகுதியைக் கணக்கின் பெயரும் விளக்கக் குறிப்பும் மறைக்கும். வலது ஓரத்தில் இதயம், பகிர்வு பொத்தான்கள் நிற்கும். நடுவுக்குச் சற்று மேலே எழுதினால்தான் எல்லாக் கைபேசியிலும் தெரியும்.

நான்காவது நொடியில் என்ன வருகிறது என்பதில்தான் நிறையப் பேர் கோட்டைவிடுகிறார்கள். தோசை எழும்பியதும், “ஒட்டலைல? ஏன்னு காட்டுறேன்” என்று கடைக்காரர் கல்லைக் கையில் எடுக்கலாம். பழக்காத கல்லில் தோசை பிய்வதையும் பக்கத்திலேயே காட்டலாம். அதற்குப் பதில் அந்த இடத்தில் கடையின் சின்னம் சுழன்று வந்தால், நின்றவரும் போய்விடுவார். பெயர், தெரு, விலை எல்லாம் பதினைந்தாவது நொடிக்குப் பிறகு வந்தால் போதும். ‘காரைக்குடி’ என்ற ஊர்ப்பெயரை மட்டும் முன்னாலேயே சிறிதாகப் போட்டுவிட வேண்டும்.

ஊர்ப்பெயருக்குக் காரணம் உண்டு. சினிமா விமர்சனம் செய்பவருக்கு உலகில் எங்கே இருப்பவரும் பார்வையாளர்தான். சின்னக் கடைக்கு அப்படியில்லை. பேருந்து ஏறி வரக்கூடிய தூரத்தில் இருப்பவரே அதன் வாடிக்கையாளர். “நிறுத்துங்க, தள்ளிடாதீங்க!” என்று கத்தினாலோ, ஒரு ரூபாய்க்குப் பிரியாணி என்று அறிவித்தாலோ எல்லோரும் நின்று பார்ப்பார்கள். ஆனால் ஒரு ரூபாய்க்கு வந்த கூட்டம் மறுநாள் முழு விலைக்கு வராது. முதல் மூன்று நொடிக்கு இரண்டு வேலை: வரக்கூடியவரை நிறுத்த வேண்டும், வர வாய்ப்பில்லாதவரைப் போக விட வேண்டும். இரண்டாவது வேலையைப் பலர் மறந்துவிட்டு, பார்வை எண்ணிக்கையை மட்டும் பார்த்து மகிழ்கிறார்கள். பணம் கட்டி விளம்பரப்படுத்தும்போதும் இதே கணக்குத்தான். கடையைச் சுற்றி இத்தனை கிலோமீட்டருக்குள் மட்டும் காட்டு என்று வரையறுக்கும் வசதி இருக்கிறது. அதைத் தொடாமல் விட்டால் காசு வேறு ஊர்களில் கரையும்.

தொடக்கம் வேலை செய்ததா என்பதை ஊகிக்கத் தேவையில்லை. இன்ஸ்டாகிராம் புள்ளிவிவரப் பக்கத்திலும் யூடியூப் ஸ்டுடியோவிலும், ஒவ்வொரு நொடியிலும் எத்தனை பேர் மிச்சமிருந்தார்கள் என்று ஒரு கோடு இருக்கிறது. ஷார்ட்ஸுக்கு நின்று பார்த்தவர் எத்தனை சதவீதம், தள்ளிவிட்டவர் எத்தனை சதவீதம் என்றும் யூடியூப் காட்டும். கோடு ஆரம்பத்திலேயே செங்குத்தாக விழுந்து, பிறகு சமமாக ஓடினால் தொடக்கம் சரியில்லை, உள்ளே இருப்பது நன்றாக இருக்கிறது என்று பொருள். மூன்று நொடி தாங்கி, ஐந்தாவது நொடியில் விழுந்தால் தொடக்கத்தில் காட்டிய ஆசைக்குப் பின்னால் வந்தது பொருந்தவில்லை. முதல் வகைக்கு முழு வீடியோவையும் மறுபடி எடுக்க வேண்டாம். முதல் மூன்று நொடியை மட்டும் மாற்றினால் போதும்.

அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ஒரே வீடியோவுக்கு மூன்று தொடக்கங்களைப் படம்பிடித்து வைக்கிறார்கள். நம் பாத்திரக்கடை தோசை எழும்புவதை ஒன்றாகவும், பழக்காத கல்லில் தோசை பிய்வதை இன்னொன்றாகவும், “முதல் தோசை உங்க வீட்டுலயும் பிய்யுதா?” என்ற கேள்வியை மூன்றாவதாகவும் எடுக்கலாம். சில நாள் இடைவெளி விட்டு, ஏறக்குறைய ஒரே நேரத்தில் மூன்றையும் ஏற்ற வேண்டும். ஒரு வீடியோவை நூறு பேர்தான் பார்த்தார்கள் என்றால் அந்தக் கோட்டை நம்பி முடிவெடுக்க முடியாது. சில ஆயிரமாவது ஆகட்டும். பிய்ந்த தோசைக்குக் கூட்டம் அதிகம் நின்றாலும் வியப்பில்லை. தன் வீட்டுத் தொல்லையைத் திரையில் பார்ப்பவர், அதற்கு வழி தெரியும்வரை நிற்கக்கூடும்.

கடைசிக் கணக்கு கல்லாவில்தான் தெரியும். ரீல் போட்ட வாரத்தில், கல் வாங்க வருகிறவர்களிடம் எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டு, ஒரு நோட்டில் கோடு கிழித்து வைக்கலாம். வீடியோவில் வந்த அதே கல், அதே விலையில், வாசலுக்கு நேரே உள்ள தட்டில் இருக்க வேண்டும். “அந்த தோசைக்கல் எங்கண்ணே?” என்று கேட்டு வருபவரிடம், அது தீர்ந்துபோச்சு, வேறு பாருங்க என்று சொல்ல நேர்ந்தால், அடுத்த ரீலுக்கு அவர் நிற்க மாட்டார்.