பங்கு வாங்கும் முன் ஒரு பக்கம் எழுதுங்கள்

பங்குச் சந்தை காலை 9.15 மணி முதல் மதியம் 3.30 வரை நடக்கிறது. விலை ஏறி இறங்கும் அந்த நேரத்தில் எடுக்கும் முடிவுகளில் ஆசையும் பயமும் கலந்துவிடும். அதனால் சந்தை மூடிய பிறகு, ஒரு தாளில் நான்கு தலைப்புகளில் விதிகளை எழுதிவிட வேண்டும். சில வாரங்கள் வைத்திருந்து விற்பவருக்கான ஒரு மாதிரியைப் பார்ப்போம்.

முதலாவது, நுழைவு. 'பங்கு நன்றாக ஏறினால் வாங்குவேன்' என்பது விதி ஆகாது. அந்தத் தாளை வேறொருவரிடம் கொடுத்தாலும் அவரும் அதே முடிவுக்கு வர வேண்டும். 'முந்தைய 20 வர்த்தக நாள்களின் உச்ச விலைக்கு மேல் பங்கு முடிந்தால், மறுநாள் வாங்குவேன்' என்று எழுதலாம். 1983இல் சிகாகோ வர்த்தகர் ரிச்சர்ட் டென்னிஸ் தம் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்த முறையிலும் இத்தகைய விதி உண்டு.

இரண்டாவது, வெளியேற்றம். 'கடைசி 10 நாள்களின் குறைந்த விலைக்குக் கீழே போனால் விற்பேன்.' விலை ஏற ஏற அந்தக் குறைந்த விலையும் மேலே வரும். ஸ்டாப் லாஸையும் அதோடு ஏற்றலாம், ஒருபோதும் இறக்கக் கூடாது. சாதாரண ஸ்டாப் லாஸ் ஆர்டர் அன்றோடு காலாவதியாகிவிடும். எனவே புரோக்கர் செயலியில் பல நாள் நிற்கும் ஜிடிடி ஆர்டரைப் போட வேண்டும்.

மூன்றாவது, அளவு. பலர் சறுக்குவது இங்கேதான். எத்தனை பங்கு என்பதைக் கையிருப்பு அல்ல, ஸ்டாப் லாஸ்தான் முடிவு செய்ய வேண்டும். முதல் 2,00,000 ரூபாய், ஒரு வர்த்தகத்தில் இழக்கத் தயாரான தொகை அதில் 1 சதவீதம், அதாவது 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாங்கும் விலை 500, ஸ்டாப் லாஸ் 480 என்றால் பங்குக்கு 20 ரூபாய் ஆபத்து. 2,000ஐ 20ஆல் வகுத்தால் 100 பங்குகள். ஸ்டாப் லாஸ் 440 என்றால் ஆபத்து 60 ரூபாய். 33 பங்குகள் மட்டுமே வாங்கலாம்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. இரவில் கெட்ட செய்தி வந்து, காலையில் 480ஐத் தாண்டி நேரே 460இல் சந்தை திறந்தால், 100 பங்குகளில் நஷ்டம் 4,000 ஆகிவிடும். ஸ்டாப் லாஸ் போட்டிருந்தும் அந்த விலை கிடைக்காது. ஆகவே 'எந்தப் பங்கிலும் முதலில் கால் பங்குக்கு மேல் போட மாட்டேன்' என்ற வரியையும் சேர்க்க வேண்டும்.

நான்காவது, வாங்கக் கூடாத நேரங்கள். நிறுவனத்தின் காலாண்டு முடிவு வர மூன்று நாள்களே இருந்தால் வாங்குவதில்லை. முந்தைய நாள் முடிவு விலையைவிட 2 சதவீதத்துக்கு மேல் உயர்ந்து திறந்தால் துரத்துவதில்லை. மாத நஷ்டம் 6,000 ரூபாயைத் தொட்டால் அந்த மாதம் புதிதாக எதுவும் வாங்குவதில்லை.

இந்தத் தாள் லாபத்துக்கு உத்தரவாதம் தராது. தோற்றபோது, விதி தவறா, விதியை மீறியது தவறா என்று பிரித்துக் காட்டும். திருத்த வேண்டுமானால் விடுமுறை நாளில் திருத்துங்கள். சந்தை நடக்கும்போது பேனாவைத் தொடாதீர்கள்.